“45 நாள்” குட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் செல்லப்பிராணிகள் கட்டுரையில், “சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஜாதி நாய்க்குட்டிதான் பாதுகாப்பு, தெருநாய்க்குக் கடிப்பது ரத்தத்திலேயே இருக்கிறது” என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவருக்குக் குழந்தையோ நாயோ, இரண்டில் ஒன்று இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் விவரம் தெரிந்தவர். அந்த வரி உங்கள் கண்ணில் படாமல் எப்படி அச்சுக்குப் போனது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என் மகளுக்கு 3 வயதாக இருந்தபோது லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கினோம். சான்றிதழ் எல்லாம் பக்காவாக இருந்தது. “45 நாள்” என்றார் விற்றவர். தாயைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அது வேறு இடத்தில் இருக்கிறது என்றார். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். மறுநாள் கால்நடை மருத்துவர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். முன்பற்கள் இப்போதுதான் எட்டிப் பார்க்கின்றன, பின்பற்களைக் காணோம், இதற்கு 5 வாரம் இருந்தாலே அதிகம் என்றார். 45 நாளே குறைவுதானாம். 8 வாரமாவது தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் இருக்க வேண்டுமாம்.

ஏன் என்று அடுத்த மாதமே தெரிந்தது. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, அழுத்திக் கடித்தால் கடிபட்ட குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை நாய் அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. எங்கள் குட்டிக்கு அந்தப் பாடமே நடக்கவில்லை. கோபம் துளியும் இல்லாமல், விளையாட்டாகவே என் மகளின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, ஊசிக்கு ஓடினோம். அப்புறம் பல மாதம், பல் பட்டவுடன் விளையாட்டை நிறுத்தி எழுந்து போவதே எங்கள் வேலையாக இருந்தது. அது பின்னால் நல்ல நாயாகத்தான் வளர்ந்து, 11 வயது வரை எங்களோடு இருந்தது. அதில் சான்றிதழின் பங்கு என்ன என்று உங்கள் கட்டுரையாளர் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

தெருவில் பிறந்த குட்டி என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பாவம் என்று 4 வாரக் குட்டியைத் தாயிடமிருந்து தூக்கி வந்தாலும் இதே கதைதான். இப்போது எங்களிடம் இருப்பது சுமார் 2 வயதுத் தெருநாய். வளர்ந்த நாயில் ஒரு சௌகரியம்: குணம் ஏற்கெனவே தெரியும். அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர் வீட்டுக்கு நான்கு முறை போனோம். சாப்பிடும்போது பக்கத்தில் ஆள் நடந்தால் உடம்பு விறைக்கிறதா, பாத்திரம் கீழே விழுந்து சத்தம் கேட்டால் எவ்வளவு நேரத்தில் தேறுகிறது, என் 4 வயது மகன் ஓடினால் துரத்துகிறதா, ஒதுங்குகிறதா என்று பார்த்தோம். குட்டியிடம் இதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய முடியாது. தடுப்பூசி, பூச்சிமருந்து முடிந்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வந்த இரண்டாம் வாரம், தூங்கிக்கொண்டிருந்த அதன் மேல் பையன் போய் விழுந்தான். உறுமியது. கடிக்கவில்லை. என் கணவர் கையை ஓங்கினார்; நான் தடுத்தேன். உறுமலை அடித்து அடக்கினால் அடுத்த முறை அது எச்சரிக்காமலே கடிக்கும். திருத்த வேண்டியது பையனை. அன்றிலிருந்து அதன் படுக்கைப் பக்கம் அவனுக்கு அனுமதி கிடையாது. பெரியவர் யாரும் இல்லாத அறையில் இருவரும் சேர்ந்து இருப்பதும் கிடையாது. லாப்ரடார் இருந்தபோதும் இதுதான் சட்டம்.

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு உங்கள் அட்டையில் ஒரு கைக்குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. நாய் முகத்தைத் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரிய உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. “என்னை விடு” என்று அது கெஞ்சுகிற படம். நீங்கள் அதற்கு “பாசம்” என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். அப்போதே எழுதினேன். என் கடிதத்தில் இரண்டே வரி வந்தது, அதுவும் இதழைப் பாராட்டிய இரண்டு வரி.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், 8 வாரத்துக்கு முன் எந்தக் குட்டியையும் வாங்காதீர்கள், தாயைக் காட்டாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள் என்று மட்டும் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் இந்த முறை என் பாராட்டை வெட்டிக்கொள்ளலாம். தேடிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி