டொரன்டோவில் இருக்கும் மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் சுகம். கமலா மகளுக்கு ஒருவழியாக வரன் முடிந்துவிட்டது, தை மாதம் கல்யாணம். அதையெல்லாம் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் “பேப்பர்ல ரத்தமா வருதுடி, மூலம்தான் போல” என்று கிசுகிசுத்தாய். மருமகன் உள்ளே வந்ததும் கத்தரிக்காய் விலைக்குத் தாவிவிட்டாய். அங்கே கத்தரிக்காய் என்ன விலை விற்றால் எனக்கென்ன? வாட்ஸ்அப்பை உன் பேத்தி முதலில் திறப்பாள் என்பதால் மெயிலில் எழுதுகிறேன். வார்டன் அம்மாவிடம் பூனைக்குட்டியை மறைத்தவளுக்கு இதை மறைக்கத் தெரியாதா, தனியாக உட்கார்ந்து படி.

நீ சொன்னதில் என் காதில் நின்றது வலி. டாய்லெட் போகும்போது கண்ணாடித் துண்டு கிழிக்கிற மாதிரி இருக்கிறது, அப்புறமும் ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை என்றாயே, சர்ஜரி ஓ.பி.யில் இதே வார்த்தையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் “பைல்ஸ் சிஸ்டர்” என்றுதான் சொல்வார்கள். படுக்க வைத்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு ஆசனவாயில் சின்னக் கிழிசல், அதாவது பிஷர்.

ஆசனவாய்க்குள் கொஞ்ச தூரத்தில் ஒரு எல்லைக்கோடு உண்டு. அதற்கு மேலே இருக்கிற குடல் சவ்வுக்கு வெட்டினால்கூடச் சரியாக வலி தெரியாது. கீழே இருக்கிற தோலுக்கோ தாங்க முடியாத உணர்ச்சி. உள்மூலம் என்பது கோட்டுக்கு மேலே ரத்தக்குழாய்கள் வீங்கித் தொங்குவது. அதனால் ரத்தம் சொட்டுச் சொட்டாக, சில சமயம் பீய்ச்சிக்கொண்டு வரும், வலி மட்டும் இருக்காது. முற்றினால் முக்கும்போது சதை வெளியே வந்து, முதலில் தானாக உள்ளே போகும், பிறகு கையால் தள்ளினால்தான் போகும். பிஷர் கோட்டுக்குக் கீழே, தோலில் விழுகிற கிழிசல். ரத்தம் கொஞ்சம்தான், பேப்பரில் ஒரு சிவப்புக் கோடு, அல்லது மலத்தின் மேல் ஒரு கீற்று. வலி மட்டும் உயிரை எடுக்கும்.

வெளிமூலத்தில் ரத்தம் கட்டிக்கொண்டாலும் பயங்கரமாக வலிக்கும், ஆனால் அது வேறு மாதிரி. திடீரென்று ஒரு நாள் நீலமாக, கெட்டியாக ஒரு உருண்டை வரும், டாய்லெட் போனாலும் போகாவிட்டாலும் வலிக்கும், நாலைந்து நாளில் தானாகத் தணியத் தொடங்கும். உன் வலி போகும்போதுதானே ஆரம்பிக்கிறது?

எங்கள் வீட்டு வாத்தியார் கதையைக் கேள். (அவரைப் பற்றி எழுதியதாகச் சொல்லிவிடாதே, பெரிய மானஸ்தர்.) இதே வலி, இதே ரத்தம். கழுவும்போது பின்பக்கம் ஒரு சின்னச் சதை கையில் தட்டுப்பட்டது, அதனால் மூலம்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். கருணைக்கிழங்கு மசியல், துத்திக்கீரை எல்லாம் ஆனது. ஆபரேஷன் இல்லாமல் மூலம், பௌத்திரம் குணமாகும் என்று போர்டு போட்ட ஒரு இடத்தில் ஊசிகூடப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குச் சொன்னால் திட்டுவேனாம்! கடைசியில் எங்கள் பழைய சர்ஜன் பார்த்து, அந்தச் சதை மூலமே இல்லை என்றார். பிஷர் நாள்பட்டால் அதன் வாசலில் காவலுக்கு நிற்கிற மாதிரி ஒரு தோல் மடிப்பு வளரும். அதைத்தான் இவர் மூலம் என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்.

அது ஏன் தானாக ஆறவில்லை என்றால், வலிக்கிறபோது உள்ளே இருக்கிற சுருக்குத் தசை இறுகிக்கொள்கிறது. இறுகினால் அந்த இடத்துக்கு ரத்தம் போவது குறைகிறது. பின்பக்க நடுக்கோட்டில் ரத்த ஓட்டம் முன்பே குறைவு, பெரும்பாலும் பிஷர் அங்கேதான் வரும். ரத்தம் இல்லாமல் புண் எப்படி ஆறும்? வலிக்குப் பயந்து இரண்டு நாள் அடக்கினால் மலம் கல்லாகி, மறுபடி கிழிக்கும். அதனால்தான் அவருக்கு டில்டியாசெம் இரண்டு சதவீதக் களிம்பு கொடுத்தார்கள். அது தசையைத் தளர்த்தும். பட்டாணி அளவு, காலையும் இரவும், விளிம்பிலும் சற்று உள்ளேயும் தடவ வேண்டும். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது, விட்டுவிடலாம் என்றார், நான் விடவில்லை. ஆறிலிருந்து எட்டு வாரம் தடவினால்தான் புண் மூடும். நைட்ரோகிளிசரின் களிம்பும் உண்டு, அதில் தலைவலி அதிகம்.

எதுவாக இருந்தாலும் டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், நீ இப்போதே செய்ய வேண்டியது இது. இரவு இரண்டு ஸ்பூன் இசப்கோல் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடி, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை போய்வந்ததும் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார். உப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். அந்தக் காய்ந்த பேப்பரால் தேய்க்காதே, ஒரு சொம்பு வாங்கி வை, கழுவிவிட்டு ஒற்றி எடு. வந்தால் அடக்காதே.

இப்போது நான் உண்மையில் கவலைப்படுகிற விஷயம். ஹீமோகுளோபின் 9.8, இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று போகிற போக்கில் சொன்னாய். அந்த மாத்திரை மலத்தை இறுக்கும், பிஷர் வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நீயாக நிறுத்திவிடாதே, டோஸை மாற்றச் சொல்லிக் கேள். ஆனால் மல்லி, மாத்திரைக்கு முன்பே ரத்தம் குறைந்திருந்தது அல்லவா? பேப்பரில் தெரிகிற இந்தத் துளிகளால் 9.8 வராது. நமக்கு மாதவிலக்கு நின்று எத்தனை வருஷம் ஆயிற்று! ஐம்பத்தெட்டு வயதில் இரும்புச்சத்து குறைந்தால் அது எங்கே போகிறது என்று தேட வேண்டும், வயிற்றுக்கு எண்டோஸ்கோப்பியும் குடலுக்குக் கொலனோஸ்கோப்பியும் செய்துதான் பார்ப்பார்கள். அநேகமாகப் பயப்படும்படி ஒன்றும் இருக்காது. ஆனால் குடல் கட்டியை மூலம் என்று நினைத்துத் தாமதித்து வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்: ரத்தம் வருகிறது, ஹீமோகுளோபின் குறைவு. மலத்தின் மேல் ரத்தமா, மலத்தோடு கலந்து கறுத்து வருகிறதா என்று கேட்பார். இரும்பு மாத்திரையாலும் கறுக்கும் என்பதால் அதையும் சொல். எடை குறைந்ததா என்றும் யோசித்து வை. வலிக்கிறபோது விரல் விட்டுப் பார்க்க வேண்டாம் என்று நீ தைரியமாகச் சொல்லலாம், மெல்ல விலக்கிப் பார்த்தாலே பிஷர் தெரியும். கிழிசல் பக்கவாட்டில் இருந்தால் மட்டும் காரணம் வேறாக இருக்கலாம், அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கொலனோஸ்கோப்பி பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், பயப்படாதே. களிம்பில் குணமாகாமல் ஆபரேஷன் பேச்சு வந்தால் மூன்று சுகப்பிரசவம் ஆனதைச் சொல்லிவிடு. தசையை லேசாக வெட்டிவிடுகிற ஆபரேஷன் அது. பிரசவத்தில் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் காற்று, மலம் அடக்க முடியாமல் போகக்கூடும், அதனால் யோசித்துத்தான் செய்வார்கள்.

காய்ச்சலோடு வீக்கம் வந்தாலோ, ரத்தம் நிற்காமல் கொட்டி மயக்கமாக வந்தாலோ மருமகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்காதே, நேரே எமர்ஜென்சிக்குப் போ.

கமலா மகள் விஷயம்: மாப்பிள்ளை ஓசூரில் வேலை, நகை எதுவும் கேட்கவில்லையாம். கமலாவுக்கே நம்ப முடியவில்லை, என்ன குறையோ என்று ஜாதகத்தை மூன்றாம் தடவை பார்க்கப் போயிருக்கிறாள். நீ எந்தத் தேதிக்கு டாக்டரிடம் போகிறாய் என்று எழுது. எழுதாவிட்டால் அண்ணனுக்கே போன் போட்டு எல்லாவற்றையும் உடைத்துவிடுவேன்.

உன்,
வசந்தா