மூன்றாக்கினாலும் அடுக்களை மிஞ்சும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் தருக்கம் பற்றி வந்த கட்டுரை, இந்தியத் தருக்கப் பள்ளியான நியாய மரபு ஒரு வாதத்துக்கு வகுத்த ஐந்து உறுப்புகளில் கடைசி இரண்டும் வெறும் திரும்பச் சொல்லல், அவற்றை எடுத்துவிட்டால் அரிஸ்டாட்டிலின் மூன்றடி வாதமே மிஞ்சும் என்கிறது. இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பழைய உதாரணத்தையே பார்ப்போம். 'இம்மலையில் நெருப்பு உண்டு' என்பது பிரதிக்ஞை. 'புகை இருப்பதால்' என்பது ஏது. 'புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும், அடுக்களையில் போல' என்பது உதாரணம். 'இம்மலையிலும் அத்தகைய புகை உண்டு' என்பது உபநயம். 'ஆகவே இங்கே நெருப்பு உண்டு' என்பது நிகமனம்.

எதிரே ஒருவர் உட்கார்ந்து மறுக்கிறார் என்று வைத்துக்கொண்டால் இந்த வரிசை புரியும். தனக்குத்தானே ஊகித்துக்கொள்பவருக்கு ஐந்தும் வேண்டாம் என்று நியாய மரபினரான நையாயிகர்களே சொல்கிறார்கள். எதிராளிதான் 'ஏன்?' என்பார், 'புகைக்கும் நெருப்புக்கும் என்ன தொடர்பு?' என்பார், அப்புறம் 'சரி, அந்தப் புகைதானா இது? பனிமூட்டமாக இருந்தால்?' என்பார். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில்தான் உபநயம். இரண்டாம் படியில் சொன்னது வெறும் புகை. நான்காம் படியில் சொல்வது, நெருப்போடு பிரியாத புகை என்று விதி காட்டிய பிறகு இந்த மலையில் காணும் புகை. ஐந்தாவதும் அப்படித்தான்: முதலில் கோரிக்கையாக வைத்தது இப்போது நிறுவப்பட்டு நிற்கிறது.

பெரிய வேறுபாடு மூன்றாம் படியில் இருக்கிறது. 'மாடெல்லாம் பறக்கும், லட்சுமி ஒரு மாடு, ஆகவே லட்சுமி பறக்கும்' என்றால் அரிஸ்டாட்டில் வழியில் வடிவம் சரி, முதல் வாக்கியம்தான் பொய். நியாயத்தில் இது வாதமாகவே நிற்காது. பறக்கும் மாடு ஒன்றை, பாமரரும் அறிஞரும் ஒருசேர ஏற்கும்படி காட்டியாக வேண்டும். வடிவத்தைத் தனியே பிரித்துச் சோதிப்பதில் கிரேக்க முறைக்குள்ள பலத்தை நான் மறுக்கவில்லை.

அதற்காக ஓர் உதாரணம் கிடைத்தாலே போதும் என்றும் இல்லை. 'நெருப்பு இருப்பதால் இங்கே புகை உண்டு, அடுக்களை போல' என்று ஒருவர் திருப்பிப் போடலாம். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டை எதிராளி காட்டுவார்: நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. அடுக்களையில் புகை வந்தது விறகின் ஈரத்தால். இப்படி மறைந்திருக்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர்.

உங்கள் கட்டுரையாளருக்குத் துணையாக நம் மணிமேகலையே இருக்கிறது. 29ஆம் காதையில் அறவண அடிகள் ஐந்தையும் சொல்லி, கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே, அதாவது உதாரணத்திலேயே, அடங்கும் என்கிறார். ஆனால் அவர் நிறுத்திக்கொண்ட மூன்றில் அடுக்களை இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் மூன்றடியில் அதற்கு இடமே இல்லை.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்