அணை நிலவரம் காதுக்கும் புரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வையற்றவர்களுக்காகவும், முதுமையால் அச்செழுத்தைப் படிக்க இயலாமல் போனவர்களுக்காகவும், தங்கள் நாளிதழின் செய்திகளைக் காலையில் வாசித்து ஒலிப்பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவரும் தன்னார்வக் குழுவில் நானும் ஒருவன். எங்கள் பதிவைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் காவிரிப் பாசனப் பகுதியினர் என்பதால், மேட்டூர் அணை திறந்திருக்கும் மாதங்களில் அவர்கள் முதலில் தேடுவது அணையின் நீர்மட்டச் செய்தியைத்தான். எங்களுக்கு வாசிக்க மிகவும் கடினமாக இருப்பதும் அதே செய்திதான். எண்கள், தேதிகள், சுருக்கெழுத்துகள் ஆகியவற்றைச் சற்று மாற்றி அச்சிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, இப்படி ஒரு செய்தி என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை): "மேட்டூர் நீர்மட்டம் 112.45 (120) அடி, இருப்பு 81.9 டி.எம்.சி.; வரத்து 9,683 க.அடி, திறப்பு 12,600 க.அடி." கண்ணுக்கு இதில் குறையே இல்லை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 120 என்பது அணையின் முழு நீர்மட்டம் என்பது பார்த்தவுடன் விளங்கிவிடும். ஆனால் அடைப்புக்குறியை வாயால் சொல்ல முடியாது. அச்சில் உள்ளபடியே வாசித்தால், "நூற்றுப் பன்னிரண்டு புள்ளி நான்கு ஐந்து நூற்று இருபது அடி" என்று ஒரே எண்ணைப் போல் நீண்டுவிடுகிறது. "முழு நீர்மட்டம் 120 அடியாக உள்ள மேட்டூர் அணையில்" என்று தொடங்கிவிட்டு, அதன் பிறகு அன்றைய அளவைத் தந்தால், கேட்பவர் மனத்தில் அளவுகோல் முதலில் நின்றுவிடும். அடுத்து வரும் எண் அதில் எங்கே நிற்கிறது என்பதை அவரே கண்டுகொள்வார்.

தசமப் புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் 112.5 அடி என்றும் மறுநாள் 112.45 அடி என்றும் வெளியானால், நீர்மட்டம் சற்றே இறங்கியிருக்கிறது என்று பொருள். ஆனால் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் இரண்டாவது எண்ணைப் பெரும்பாலும் "புள்ளி நாற்பத்தைந்து" என்றுதான் வாசிப்பார்கள். நேற்று "புள்ளி ஐந்து", இன்று "புள்ளி நாற்பத்தைந்து" என்று கேட்பவருக்கு நீர்மட்டம் ஏறிவிட்டது என்றே தோன்றும். புள்ளிக்குப் பின் வருவதைத் தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் பயிற்சி தருகிறோம். ஆயினும் அது மட்டும் போதாது. நேற்றைய அளவையும் 112.50 என்று இரண்டு இலக்கங்களில் அச்சிடுவதும், "நேற்றைவிடச் சற்றுக் குறைந்து" என்ற சொற்களை எண்ணுக்கு முன்னால் சேர்ப்பதும் தங்கள் கையில்தான் இருக்கின்றன. ஏற்றமா இறக்கமா என்பதைச் சொல் முதலில் சொல்லிவிட்டால், எண்ணைத் தவறாகக் கேட்டாலும் செய்தி தவறாகாது.

அடுத்தது, தமிழ் எண்ணுப் பெயர்களின் ஒலி. இருபது, அறுபது, இருநூறு, அறுநூறு. இன்றைய பேச்சில் ரகரமும் றகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், இந்த இணைகளைப் பிரித்துக் காட்டுவது முதல் உயிரெழுத்து ஒன்றுதான். பழைய கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அது எளிதில் தேய்ந்துவிடும். பக்கத்தில் மின்விசிறி ஓடினால் சொல்லவே வேண்டாம். மேற்சொன்ன செய்தியில் திறப்பு 12,200 கன அடியா, 12,600 கன அடியா என்று கேட்டு, பதிவு அனுப்பிய பிறகு எங்களை அழைப்பவர்கள் உண்டு. "முந்தைய நாள் 12,000 கன அடியாக இருந்தது, 600 கன அடி கூட்டப்பட்டு 12,600 ஆனது" என்று எழுதினால் அதே எண் இரண்டு வழியாகக் காதை அடைகிறது. ஒன்று தவறினாலும் மற்றொன்று பிடித்துக்கொடுக்கும். சரியான அளவு தெரியத் தேவையில்லாத இடத்தில், வரத்தை "ஏறத்தாழ 9,700 கன அடி" என்று முழுமைப்படுத்திவிடலாம். திறப்பைப் பொறுத்தவரை அப்படிச் செய்யக் கூடாது என்பது என் கருத்து. நடவுக்கு நாள் பார்ப்பவர்களுக்குத் துல்லியமான எண் வேண்டும்.

டி.எம்.சி. என்ற சுருக்கம் டெல்டாவில் எல்லோருக்கும் பழகிப்போனது; அதை விரிக்கத் தேவையில்லை. ஆனால் தங்கள் இதழின் அதே பக்கத்தில் சென்னை ஏரிகளின் இருப்பு மில்லியன் கன அடியில் வருகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அடுத்தடுத்து வாசித்தால் ஏரி அணையைவிடப் பல மடங்கு பெரியது போல ஒலிக்கிறது. ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. ஆகவே ஏரியின் அளவையும் "ஏறத்தாழ மூன்றரை டி.எம்.சி.க்குச் சற்று மேல்" என்று ஒரு முறை சேர்த்துச் சொன்னால் இந்த மயக்கம் நீங்கும். விநாடிக்கு ஏறத்தாழ 11,600 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் நீர் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும் என்ற கணக்கையும் அவ்வப்போது வெளியிட்டால், திறப்பையும் இருப்பையும் கேட்பவர்களே பொருத்திப் பார்த்துக்கொள்வார்கள்.

மற்றப் பாசனத் திட்டங்களின் சுருக்கங்கள்தான் உண்மையில் இடறுகின்றன. கீழ்பவானித் திட்டத்தை "எல்.பி.பி." என்று அச்சிடுகிறீர்கள். அதன் ஆங்கிலப் பெயரில் நடுவெழுத்து பவானிக்கு உரியது, கடைசி எழுத்து திட்டத்துக்கு உரியது. இரண்டும் வெவ்வேறு ஒலிகள். தமிழில் இரண்டுக்கும் ஒரே "பி" என்பதால், முன்பே தெரிந்தவரன்றி வேறு எவராலும் சரியாக ஒலிக்க முடியாது. "பி.ஏ.பி." என்று வரும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கும் இதே கதிதான். "ஜி.ஏ. கால்வாய்" என்று வருவதை எங்கள் ஊரில் புது ஆறு என்றோ கல்லணைக் கால்வாய் என்றோதான் சொல்வோம், அப்படியே அச்சிடலாம், இரண்டு மூன்று எழுத்துகள்தாம் கூடும். இஸ்ரோ, யுனெஸ்கோ போல ஒரே சொல்லாகச் சொல்லப்படுபவற்றைப் புள்ளியின்றியும், ஐ.நா. போல எழுத்து எழுத்தாகச் சொல்லப்படுபவற்றைப் புள்ளியிட்டும் தாங்கள் அச்சிடுவது வாசிப்பவருக்குப் பெரிய உதவி. அதைத் தலைப்புகளிலும் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

தேதியில் கேட்பது ஒன்றே. முறைப்பாசன அறிவிப்புகளில் "06.09 முதல் 12.09 வரை" என்று வருவதை, "செப்டம்பர் 6 முதல் 12 வரை" என்று மாதப் பெயருடனும், இயன்றால் கிழமையுடனும் தாருங்கள். எங்கள் பதிவை இரண்டு நாள் கழித்துக் கேட்பவர்களும் இருப்பதால், "நேற்று", "நாளை" என்பவை மட்டும் இருந்தால் மடை திறக்கும் நாளே மாறிப்போகும்.

எண்களை எழுத்தால் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இலக்கமே கண்ணுக்கும் வாசிப்பவருக்கும் எளிது. கட்டமிட்ட அட்டவணையும் அப்படியே இருக்கட்டும். அட்டவணைக்கு மேலே வரும் செய்தியின் முதல் பத்தியை மட்டும், அச்சுக்கு அனுப்பும் முன் துணை ஆசிரியர் ஒருவர் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தால் போதும். அவர் நாக்கு எங்கே தடுக்குகிறதோ, அங்கேதான் எங்களுக்கும் தடுக்குகிறது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
தஞ்சாவூர்.