கீழ்த்தளத்து நீல டிரம்கள்: எங்கள் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை வழக்கமாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளரம்மா டார்ச்சும் அபேட் மருந்துமாக நம் கேட்டுக்கு வந்தார். "சங்கத்தில் அனுமதி வாங்கிட்டு வாங்க" என்று செக்யூரிட்டி அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு உத்தரவு அப்படி. அதே நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு நம் புதுப் புகை மெஷின் மூன்று பிளாக்கையும் ஒரு சுற்று சுற்றி வந்தது. இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் முக்கியக் கோரிக்கை ஒன்றுதான். டெங்குக் கொசு பெருகாமல் இருக்க, கீழ்த்தளத்தில் கிடக்கும் பதினாறு நீல டிரம்களையும் வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேவையில்லை என்றால் அப்புறப்படுத்திவிடலாம்.

அந்த டிரம்கள் வந்த கதை உங்களுக்கே தெரியும். 2019 கோடையில் ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது வாங்கியவை. தண்ணீர்ப் பஞ்சம் போய்விட்டது, டிரம்கள் போகவில்லை. மழை பெய்தால் சரிவுப் பாதை வழியாகவும், மேலே ஒழுகும் குழாயிலிருந்தும் அவற்றில் தண்ணீர் சேர்கிறது. "மாசி மாதமே கொட்டியாச்சே, அப்புறம் எப்படிப் புழு வரும்?" என்று பொருளாளர் சார் கேட்டார். நியாயமான கேள்வி. முப்பது வருஷம் விலங்கியல் பாடம் நடத்திய வாய் சும்மா இருக்காது, பதில் சொல்கிறேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. கசகசாவைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள். தண்ணீரைக் கொட்டினால் தண்ணீர் போகும், முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையில் மட்டம் ஏறி முட்டையைத் தொட்டதும் பொரிந்துவிடும். நம் வெயில் காலத்தில் பொரிந்த புழு கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை என்று நான் கேட்பதும், கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும் என்று படுத்துவதும் இதனால்தான்.

முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓயும் என்று ஒரு கணக்கு இருந்தது. 2021இல் தைப் பொங்கலை ஒட்டியும் பெய்தது, அதே வருடம் டிசம்பர் 30 அன்றும் கொட்டியது. 2023 ஜூனில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடும் அளவுக்குப் பெய்தது. நடுவில் வெயில், மறுபடி மழை. காய்ந்த முட்டைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. அடைமழை திறந்தவெளிப் பாத்திரத்துப் புழுக்களை அடித்துக்கொண்டு போகும், மே மாத உச்சி வெயிலும் கொசுவின் ஆயுளைக் குறைக்கும். நம் கீழ்த்தளத்தில் இரண்டுக்கும் வழியில்லை. நிழலும் வெதுவெதுப்புமாக அருமையாகப் பராமரித்து வருகிறோம்.

வெப்பம் செய்யும் இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைக் கொடுத்துவிடாது. வைரஸ் அதன் வயிற்றில் பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்துசேர வேண்டும். 25 டிகிரியில் இதற்குச் சுமார் 15 நாள் ஆகும், 30 டிகிரியில் ஒரு வாரமே போதும். தினம் பத்தில் ஒரு கொசு சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியைக் கடித்த நூறு கொசுவில் 15 நாள் கழித்து இருபதுதான் மிஞ்சும். ஏழே நாள் என்றால் நாற்பத்தெட்டு மிஞ்சும். கொசு ஒன்றுகூடக் கூடாமல், வெப்பம் ஐந்து டிகிரி கூடியதாலேயே ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது.

இனி நம் கதை. ஐப்பசி முதல் வாரம், அக்டோபர் 18 வாக்கில் மழை. 27ஆம் தேதி ஏ பிளாக் இரண்டாம் மாடி மாமாவுக்குக் காய்ச்சல், வெளியூர் போய் வந்தவர். நம் டிரம் கொசுக்கள் பறக்கத் தொடங்கியதும் அதே நாட்களில்தான். நவம்பர் 12இல் என் பேரனுக்குக் காய்ச்சல், அதே வாரம் பி பிளாக் பெண்ணுக்கும். கொசுவுக்குள் எட்டு, பத்து நாள், கடிபட்டவர் உடம்பில் ஐந்தாறு நாள் என்று எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். ஏடிஸ் நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் போவது அபூர்வம். ஆகவே கால்வாயைக் கைகாட்ட வேண்டாம். கால்வாய்ச் சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் ராத்திரி கடிப்பது. ஏடிஸோ காலில் வெள்ளை வளையம் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் கணுக்காலைத் தேடி வருவது.

பேரனுக்குப் பதினொரு வயது. ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரசம் சாதம் கரைத்தேன். மத்தியானம் வயிற்று வலி என்று சுருண்டான், ஓயாத வாந்தி, கை கால் சில்லிட்டது. வார்டில் டாக்டர் சொன்னார்: "காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தாம்மா ஆபத்து. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும்." நாங்கள் பிளேட்லெட், பிளேட்லெட் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்பதையும் பிள்ளை எத்தனை முறை சிறுநீர் கழித்தான் என்பதையும்தான் கேட்டார். அன்று ராத்திரி நானும் மருமகளும் ஒரு நோட்டில் அதைத்தான் குறித்தோம். பத்து மணிக்கு எழுதினோம். அடுத்த வரி எழுத விடியற்காலை மூன்றரை ஆயிற்று. எதிர்க் கட்டிலில் பி பிளாக் பெண். அவள் அம்மாவும் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளை பிழைத்துவிட்டான். வீடு திரும்பிய அன்று சங்கம் சார்பில் நிலவேம்புக் குடிநீர் வந்தது. நன்றி. அதைக் கொசுவுக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். புகை மெஷினும் அப்படித்தான். வெளியே பறக்கும் கொசு சிலவற்றைக் கொல்லும், முட்டையையும் புழுவையும் தொடாது. ஏடிஸ் படுக்கையறைத் திரைக்குப் பின்னாலும் கட்டிலடியிலும் உட்கார்ந்திருக்கும். நாமோ புகை வருகிறது என்று ஜன்னலைச் சாத்தி அதைக் காப்பாற்றுகிறோம். மெஷின் வாங்கப் பணம் இருந்தது, நுழைவாயில் வளைவுக்குச் சரவிளக்கு போடப் பணம் இருந்தது, டிரம் தேய்க்க ஒரு நார் பிரஷுக்கு மட்டும் பொதுக்குழு கூட வேண்டும்! பராமரிப்புக் கட்டணம் ஒரு நாள் தாமதமானால் லிஃப்டில் பெயர் ஒட்டுகிறீர்களே, அந்த வேகத்தில்... மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன்.

டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்தவருக்கு இன்னொரு வகை வந்தால் முதல் முறையைவிடக் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். நம் வளாகத்தில் இப்போது மூன்று பேர் அந்த நிலையில் இருக்கிறார்கள்.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறேன். பணியாளரம்மாவை உள்ளே விடச் சொல்லுங்கள். டிரம்களை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ ஏற்பாடு செய்யுங்கள். இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பிரஷோடு நான் கீழ்த்தளத்தில் இருப்பேன், பி பிளாக் அம்மாவும் வருகிறாள். ஸ்டோர் ரூம் சாவி செயலாளர் சாரிடம் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் செக்யூரிட்டியிடம் கொடுத்து உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சி பிளாக் தரைத்தளத்துப் பாட்டி
சென்னை