போனில் ஆறு இலக்கம் கேட்பவர் எங்கள் கடை ஆள் இல்லை

எங்கள் பாத்திரக் கடைக்கு வழக்கமாக வரும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

போன வாரம் கல்லிடைக்குறிச்சி அக்கா ஒருவர் கடைக்கு வந்து அழுதார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். சீர்வரிசைக்குப் பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் பார்த்து வைத்திருந்தார். எங்கள் கடைப் பெயரைச் சொல்லி ஒருவன் போன் செய்திருக்கிறான். வாட்ஸ்அப்பில் எங்கள் கடை வாசல் படம். "அண்டா வந்து இறங்கிட்டுக்கா, 3,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டா எடுத்து வைப்போம்" என்றான். பணம் போடும்போது திரையில் வேறு யாரோ பெயர் வந்தது. கேட்டதற்கு, "முதலாளி மாப்பிள்ளை கணக்கு" என்றானாம்.

அப்புறம், "ஆர்டர் நம்பர் ஆறு இலக்கத்துல மெசேஜ் வந்திருக்கும், சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறான். அது ஆர்டர் நம்பரே இல்லை. அவன் தன் போனில் அக்காவின் எண்ணைப் போட்டு வாட்ஸ்அப் திறக்கப் பார்த்திருக்கிறான். அதற்கான சாவிதான் அந்த ஆறு இலக்கம். சொன்ன அடுத்த நிமிடம் அக்காவின் போனில் வாட்ஸ்அப் நின்றுவிட்டது. அவர் பெயரிலேயே சொந்தக்காரர்களுக்கு, "அவசரமா பத்தாயிரம் வேணும்" என்று செய்தி போனது.

கடையிலேயே உட்கார்ந்து சரிசெய்தோம். அவர் போனில் அதே எண்ணைப் போட்டு மறுபடி வாட்ஸ்அப் திறந்தோம். புதிதாக வந்த ஆறு இலக்கத்தைப் போட்டதும் அந்த ஆள் வெளியேறிவிட்டான். ஆனால் அதற்குள் அவன் தனியாக ஒரு பின் நம்பர் போட்டுவிட்டான். அது தெரியாததால் அக்கா ஏழு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 3,000 ரூபாய்க்கு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் சொன்னோம். பணம் கைமாறிப் போவதற்குள் அந்தக் கணக்கில் நிறுத்திவைக்க வழியுண்டு, அதனால் தெரிந்த உடனே கூப்பிட வேண்டும்.

அக்காவின் போன் எண் அவனுக்கு எப்படிப் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் தீபாவளிக் குலுக்கலுக்கு நீங்கள் பெயரும் எண்ணும் எழுதிப் போட்ட சீட்டுப் பெட்டி, பூட்டில்லாமல் வாசலில்தான் இருந்தது. அது என் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள். சீட்டுகளை எரித்துவிட்டோம். இனி சீட்டில் போன் எண் கேட்க மாட்டோம்.

எங்கள் பையன்கள் யாரும் போனில் எந்த எண்ணும் கேட்க மாட்டார்கள், அட்வான்ஸும் கேட்க மாட்டார்கள். அட்வான்ஸ் என்றால் கல்லாவில் கொடுத்து, கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்தாலும் திரையில் கடைப் பெயர்தான் வரும். வேறு பெயர் வந்தால் பணத்தைப் போடாதீர்கள், அது என் மாப்பிள்ளை பெயராகவே இருந்தாலும் சரி.

சந்தேகம் வந்தால் அந்தப் போனை வைத்துவிட்டு, பழைய பில்லின் மேலே அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். ராத்திரி பத்து மணியானாலும் நான் எடுப்பேன்.

இப்படிக்கு,
கடைக்காரர்,
அம்பாசமுத்திரம்