வேலை மாறும் முன் ஒரு கணக்கு

அன்பு மகளுக்கு,

மருத்துவமனைக் கொள்முதல் வேலையை விட்டுவிட்டு டேட்டா அனலிஸ்ட் ஆகப் போகிறாய் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கையிருப்பு 28 மாதம் தாங்கும் என்று எழுதியிருக்கிறாயே, அது தாங்காது அம்மா.

குடும்பச் செலவை மாதம் 100 என்றும், சேமிப்பை 1,400 என்றும் வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை சம்பளத்தில் 50 வந்துவிடும், மீதி 50-க்குத்தான் சேமிப்பு என்று நீ வகுத்திருக்கிறாய். வருடத்துக்கு ஒருமுறை கட்டும் பள்ளிக் கட்டணமும் வரியும் அதில் இல்லை. மாதமாகப் பிரித்தால் அது ஒரு 15. இதுவரை நிறுவனம் கட்டிய மருத்துவக் காப்பீட்டை இனி நீதான் கட்ட வேண்டும், அது 5. ஆக மாதம் 120, துண்டு விழுவது 70. சேமிப்பிலும் ஓய்வுக்கால நிதி 400-ஐத் தொடாதே. அவசரத்துக்கு மூன்று மாதச் செலவு 360-ஐ ஒதுக்கு. மிஞ்சும் 640-ஐ 70-ஆல் வகுத்தால் ஒன்பது மாதம்தான்.

ஆறு மாதம் படித்து, அப்புறம் வேலை தேட ஐந்து மாதம் என்றால் இது போதாது. அதனால் வேலையில் இருந்துகொண்டே படித்து முடி, பிறகு ராஜினாமா செய். அப்போது தேடும் ஐந்து மாதத்துக்கு 350 போனாலும் 290 மிஞ்சும். புதிய வேலையில் முதலில் 40-தான் தருவார்கள் என்று வைத்தாலும், மாதம் 30 குறையும் அந்தக் காலத்தை ஒன்பது மாதம் ஓட்டிவிடலாம்.

உன் திறமை விஷயத்தில் எனக்குக் கவலை குறைவு. நீ செய்த ஒவ்வொரு வேலையையும் பதவிப் பெயரும் மருத்துவமனைப் பெயரும் இல்லாமல் ஒரு வரியில் எழுதிப் பார். எந்த மருந்து எத்தனை நாளில் தீரும், எது காலாவதியாகும் என்று எக்செல்லில் கணித்து ஆர்டரைக் குறைத்தாயே, அது எங்கும் செல்லும். எந்த டாக்டரிடம் எப்போது கையெழுத்து வாங்கலாம் என்ற அறிவு அந்தக் கட்டடத்தோடு நின்றுவிடும். துறையையும் வேலையையும் ஒரே நேரத்தில் மாற்றினால், சின்ன வயதுக்காரர்களோடு அடிமட்டச் சம்பளத்துக்குப் போட்டி போட வேண்டியிருக்கும். மருத்துவப் பொருள் விநியோகத் துறைக்குள்ளேயே அனலிஸ்ட் வேலை தேடினால், உன் பழைய அனுபவத்துக்கும் சேர்த்துச் சம்பளம் பேசலாம். படிக்கும்போதே உன் ஸ்டாக் கணக்கைப் போன்ற ஒன்றை, மருத்துவமனைத் தகவல் எதையும் எடுக்காமல், மாதிரி எண்களை வைத்துச் செய்துவை. நேர்முகத்தில் சான்றிதழைவிட அதைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று. பணம் தீர்ந்த பிறகு பழைய துறையில் வேலை தேடினால் காலம் கடந்துவிடும், அதற்கும் மாதக்கணக்கில் ஆகும். கையில் மூன்று மாதப் பணம் இருக்கும்போதே அங்கேயும் விண்ணப்பிக்கத் தொடங்க ஒரு தேதி வை. மாப்பிள்ளையோடு உட்கார்ந்து அதை முடிவு செய்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா