ஆடிக் கூழ் வார்த்தல் திருவிழா: நன்றியும் வரவு செலவும்

அன்புள்ள ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரில் இருக்கும் நம் சொந்தங்களுக்கும் வணக்கம்.

அம்மன் திருவிழா நல்லபடியாக முடிந்தது. கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்வதென்றால், கொடுத்தது எங்கே போனது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

போன வருட இருப்பு 4,310 ரூபாயையும் சேர்த்து மொத்த வரவு 2,66,350 ரூபாய். செலவு 2,61,660. கையிருப்பு 4,690. முழுப் பட்டியல் கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறது. இங்கே விளக்கம் தேவைப்படுவதை மட்டும் எழுதுகிறோம்.

வரவில் பெரும்பங்கு தலைக்கட்டு வரி. ஊரில் 184 தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு 1,000 ரூபாய். 171 வீடுகள் முழுதாகவும் 6 வீடுகள் பாதியாகவும் கொடுத்ததில் 1,74,000 வந்தது. மீதி ஏழில் ஐந்து வீடுகளுக்கு ஊர்க்கூட்டத்திலேயே வரி வேண்டாம் என்று முடிவானது. எந்த ஐந்து என்று சுவரில் எழுதவில்லை, எழுதவும் மாட்டோம். பெயர்ப் பட்டியலைத் தெருவாரியாகப் போடாமல் ரசீது எண் வரிசையில் போட்டிருப்பதும் இதற்காகத்தான். தெருவாரியாகப் போட்டால் கொடுத்தவர் பெயரைவிட விடுபட்ட வீடுதான் முதலில் கண்ணில் படும்.

கடைத்தெருவில் 23 கடைக்காரர்கள் 18,500 ரூபாய் தந்தார்கள். சென்னை, திருப்பூர், பெங்களூரு, வளைகுடா என்று வெளியில் இருக்கும் 58 பேர் 62,300 ரூபாய் அனுப்பினார்கள். அன்று தட்டில் விழுந்தது 7,240.

ரசீது விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 50 தாள் கொண்ட ஆறு புத்தகங்கள், 1 முதல் 300 வரை எண் அச்சடித்து வாங்கினோம். எந்தப் புத்தகம் யார் கையில் போனது என்று முதல் நாளே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பிழையாக எழுதிய தாளைக் கிழித்துப் போடாமல், குறுக்கே கோடு போட்டு அடிக்கட்டையோடு பின் செய்து வைத்தோம். வசூல் முடிந்ததும் எழுதிய ரசீது 258, பிறகு ரத்து செய்த ஒன்றையும் சேர்த்து ரத்தானது 4, எழுதாத தாள் 38 என்று மூன்றும் சேர்ந்து 300 வந்தது. ஒரு தாள் குறைந்திருந்தாலும் பணத்தை எண்ணுவதற்கு முன் அந்தத் தாளைத் தேடியிருப்போம்.

தாள் சரியாக வந்தும் பணம் முதலில் சரியாக வரவில்லை. அடிக்கட்டைக் கூட்டல், பெட்டியிலும் வங்கியிலும் இருந்ததைவிட 1,500 ரூபாய் அதிகம் காட்டியது. இந்த மாதிரி நேரத்தில் ஆளாளுக்குக் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டுவது வழக்கம். அப்படிச் செய்தால் தவறு அங்கேயே இருக்கும், அடுத்த வருடமும் வரும். அதனால் ஒவ்வொரு ரசீதையும் வங்கிக் கணக்கு விவரத்தோடு ஒப்பிட்டோம். 1,000 ரூபாய்க்குக் காரணம் ஒரே வரிக்கு எழுதிய இரண்டு ரசீது. மகன் சென்னையிலிருந்து யுபிஐ மூலம் வரியைக் கட்டிவிட்டார். அதற்கு வெளியூர்ப் புத்தகத்தில் நன்கொடை என்று ரசீது போட்டோம். இங்கே வீட்டில் அம்மா "பையன் போட்டுட்டான்" என்று சொன்னதைக் கேட்டு, வசூலுக்குப் போனவர் வரிப் புத்தகத்திலும் ஒன்று எழுதிவிட்டார். ரத்தான நான்கு தாள்களில் ஒன்று அது. மீதி 500, பாதி கொடுத்த வீட்டுக்கு "1,000, நிலுவை 500" என்று எழுதிய ரசீது. கூட்டியவர் முன்னால் இருந்த எண்ணை எடுத்துக்கொண்டார்.

இனி ரசீதில் கைக்கு வந்த தொகை மட்டும்தான் எழுதப்படும், நிலுவை தனி நோட்டுக்குப் போகும். யுபிஐ பணத்துக்கு, பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணில் கடைசி நான்கைப் பார்த்து எழுதாமல் ரசீது கிழிக்கக் கூடாது. யுபிஐ பணம் வந்தது வேறு வரவு செலவு எதுவும் ஓடாத ஒரு சேமிப்புக் கணக்குக்கு. சொந்த வரவு செலவு ஓடும் கணக்கில் ஊர்ப் பணத்தை வாங்கினால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பிரித்துக் காட்டுவதற்குள் தலை சுற்றிவிடும்.

அரிசியாகக் கொடுத்தவர்களுக்குத் தனி நன்றி. 26 கிலோ சிப்பம் ஒன்பது வந்தது. இதை ரூபாயாக மாற்றி வரவில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அதே தொகையைச் செலவிலும் எழுத வேண்டும், திருவிழா இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அதனால் பொருள் கணக்கு எடையில்தான் இருக்கிறது. ஆளுக்கு 150 கிராம் என்று 1,200 பேருக்குக் கணக்குப் போட்டு ஏழு சிப்பம் உலை வைத்தோம். கூழும் குடித்திருந்ததால் சோறு கொஞ்சம் மிஞ்சியது. கூழ் ஊற்றும் நாளில் 130 கிராம் போதும் என்று தெரிந்தது. பிரிக்காத இரண்டு சிப்பம் பௌர்ணமி அன்னதானத்துக்காகக் கோயில் அறையில் இருக்கிறது. முதல் நாள் இரவே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, விடியற்காலையில் நொய் வேகவைத்துக் கூழ் காய்ச்சிய மகளிர் குழுவினர் கூலி வாங்கவில்லை. அந்த உழைப்புக்கு எங்கள் கணக்கில் எந்தப் பத்தியும் இல்லை.

செலவில் பெரியது சாப்பாட்டுக்கான காய்கறி, மளிகை, விறகு, சமையல் கூலி எல்லாம் சேர்த்து 58,430. மைக்செட்டும் சீரியல் விளக்கும் 36,000. பந்தல் 32,500. பூவும் பூஜைச் சாமானும் 31,750. ஆடி வெள்ளிக்கு முதல் நாள் பூ விலை எகிறும் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் ஒதுக்கியதைத் தாண்டிவிட்டது. பூச்சந்தையில் பில் தரமாட்டார்கள். அங்கே எடை, விலை, தேதி போட்டு விற்றவரிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிய துண்டுச்சீட்டுதான் ஆதாரம். இப்படி பில் இல்லாத செலவு மொத்தம் 9,350 ரூபாய். அதைத் தனியே சிவப்பு மையில் குறித்திருக்கிறோம், சந்தேகம் இருப்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

ஜெனரேட்டருக்குப் போன 14,860 ரூபாயில் ஒரு பங்கு எங்கள் கவனக்குறைவு. தற்காலிக மின் இணைப்புக்கு விண்ணப்பித்தபோது பந்தல் விளக்குக்கும் மைக்குக்கும் மட்டும் லோடு கணக்கிட்டோம். தெருமுனை அலங்கார வளைவுகளை மறந்துவிட்டோம். எல்லாவற்றையும் போட்டதும் பிரேக்கர் விழுந்தது, வளைவுகளை இரண்டு இரவும் டீசலில் எரிக்க வேண்டியதாயிற்று. அடுத்த முறை மைக்செட்காரரிடம் ஒவ்வொரு பொருளின் வாட்டையும் எழுதி வாங்கிக் கூட்டிய பிறகுதான் விண்ணப்பம்.

ஒலிபெருக்கிக்கு அனுமதி தந்து, பந்தோபஸ்துக்கும் வந்த காவல்துறையினருக்கு நன்றி. இரவு பத்து மணிக்கு மைக் அணைந்தது. அதன் பிறகு விடியும்வரை மைக் இல்லாமலே, முகவீணையையும் மிருதங்கத்தையும் தொண்டையையும் நம்பி ஆடிய கூத்துக் கலைஞர்களுக்குப் பேசிய 30,000 ரூபாயை அன்று காலையிலேயே கொடுத்துவிட்டோம். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்குப் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று குறை வந்தது. களரியைத் தெருவின் நடுவில் போட்டிருந்தால் மூன்று பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்கலாம். பந்தலோடு ஒட்டிப் போட்டது தவறு.

மின் இணைப்புக்குக் கட்டிய முன்பணத்தில் ஓடிய யூனிட் போக மீதி இன்னும் திரும்பவில்லை. வந்ததும் கையிருப்பில் சேர்த்துச் சுவர்ப் பட்டியலைத் திருத்துவோம். அடிக்கட்டைகள், பில்கள், துண்டுச்சீட்டுகள், வங்கி விவரம் நான்கும் ஆவணி மாதக் கடைசி வரை படிப்பகத்தில் இருக்கும். மாலை ஆறிலிருந்து எட்டு வரை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம், வரி கட்டாதவர்களும்தான்.

இப்படிக்கு,
இளைஞர் நற்பணி மன்றத்தினர்